ஊசி இல்லாத ஆறு மாதம்

என் அக்கா வீட்டில் ஆளைக் கூப்பிட யாரும் கத்த மாட்டார்கள். தரையைக் காலால் ஓங்கி ஒரு மிதி மிதிப்பார்கள். மச்சானுக்குக் காது போன பிறகு வந்த பழக்கம் அது. மிதியின் அதிர்வு சிமெண்ட் தரை வழியாகப் போய் அவர் பாதத்தில் ஏறும். அவர் திரும்பிப் பார்ப்பார். மச்சான் போய்ச் சேர்ந்து பல வருஷமாகியும் பழக்கம் போகவில்லை. அடுப்படியிலிருந்து அக்கா ஒரு மிதி மிதிப்பாள், உள்ளறையிலிருந்து அவள் மகள் பதிலுக்கு ஒன்று மிதிப்பாள். புதிதாக வருகிற விருந்தாளி சுவரைப் பிடித்துக்கொள்வார்.

அரியலூரை அடுத்த ரெட்டிபாளையம் பக்கம் வீடு. மச்சான் சிமெண்ட் கம்பெனியில் மூட்டை கட்டும் இடத்தில் ஒப்பந்தக் கூலி. அந்தப் பக்கத்தில் இருமல் இல்லாத ஆள் கிடையாது, இருமலுக்குக் காரணம் கேட்கிற ஆளும் கிடையாது. "தூசிப்பா" என்று சொன்னால் பேச்சு முடிந்தது. மச்சானும் அப்படித்தான் வருஷக்கணக்கில் தூசி என்றே இருமினார். பிறகு காசநோய் என்றார்கள். வழக்கமான ஆறு மாத மாத்திரையைக் கொடுத்தார்கள். அவரும் ஒரு வேளை தவறாமல் விழுங்கினார். உடம்பு மட்டும் கரைந்துகொண்டே போனது.

மாத்திரைக்கு அந்தக் கிருமி அடங்கவில்லை. அது தெரியவே அப்போது மாதங்கள் ஆயின. சளியை வெளியூருக்கு அனுப்பி, கிருமியை வளர்த்து, அப்புறம் மருந்தோடு சேர்த்து வளர்த்துப் பார்த்து, எந்த மருந்துக்குச் சாகிறது, எதற்குச் சாகவில்லை என்று சொல்ல வேண்டும். காசநோய்க் கிருமி மிக மெதுவாக வளரும். அரசாங்க ஆபீஸில் இத்தனை வருஷம் குப்பை கொட்டிய எனக்கே அதன் நிதானம் பொறாமையைத் தந்தது. முடிவு வந்து சேர்ந்தபோது, வேலை செய்யாத மாத்திரையை அவர் பாதிக்குமேல் தின்று முடித்திருந்தார்.

அப்புறம் ஆரம்பித்தது ஏறக்குறைய இரண்டு வருஷ வைத்தியம். முதல் பல மாதங்களுக்குத் தினமும் ஊசி. உட்கார முடியாமல் மச்சான் ஒருக்களித்துப் படுத்தே கிடப்பார். முதலில் காதில் வண்டு ரீங்கரிக்கிற மாதிரி இருக்கிறது என்றார். பிறகு வண்டும் போய்விட்டது, மற்ற சத்தமும் போய்விட்டது. ஊசி மருந்துக்கு அப்படி ஒரு குணம் உண்டு. நோய் குணமானது. காது மட்டும் திரும்பி வரவில்லை.

அதற்கப்புறம் மூன்று வருஷம் கழித்து, சுண்ணாம்புக்கல் ஏற்றிய லாரி ஒன்று மச்சானுக்குப் பின்னால் ஹாரன் அடித்துக்கொண்டே வந்திருக்கிறது. ரோட்டோரம் நின்ற அத்தனை பேருக்கும் கேட்டிருக்கிறது. தார் ரோட்டின் அதிர்வு செருப்புக் காலில் ஏறவில்லை போலிருக்கிறது.

ஆகவே எங்கள் குடும்பத்தில் ஒரு தீர்ப்பு எழுதப்பட்டுவிட்டது. நோய் அவரை விட்டுவிட்டது, ஊசிதான் கொன்றது. அக்கா மகள் அப்போது காலேஜில் படித்துக்கொண்டிருந்தாள். அந்தத் தீர்ப்பை அவள்தான் யாரையும்விட நன்றாகப் படித்து மனப்பாடம் செய்துகொண்டாள்.

*

அவளுக்குக் கல்யாணமாகி, மாப்பிள்ளை குவைத்துக்குப் போய், ஒரு பெண் குழந்தை பிறந்து, மூன்று வயதாகி வாய் மூடாமல் பேச ஆரம்பித்திருந்தது. குழந்தையும் அவளும் அக்காவோடுதான் இருந்தார்கள். பேத்தி அக்காவை "அம்மாயி" என்று கூப்பிடும். பெரம்பலூரிலிருந்து ஞாயிற்றுக்கிழமை பஸ் பிடித்து நான் போனால், "தாத்தா, நீ ஏன் குண்டா இருக்க?" என்று வாசலிலேயே விசாரணையை ஆரம்பித்துவிடும்.

"ரயில் இல்லாத ஊருல இருக்கேன்ல, ஸ்டேஷனுக்கு நடக்க வழியில்லை" என்பேன்.

"ரயில் இருந்தா நீ அதுல உக்காந்துதானே போவ?"

சிறு பத்திரிகைகளில் நகைச்சுவை எழுதுவதாகச் சொல்லிக்கொள்கிற ஆள் நான். மூன்று வயதிடம் தோற்றதை அக்கா மகள் வாயைப் பொத்திக்கொண்டு ரசிப்பாள். சிரித்தால் இருமல் வந்துவிடுகிறது என்று பொத்துகிறாள் என்பது எனக்கு அப்போது தெரியாது.

தை மாதத்தில் அந்தப் பக்கம் வீடு வீடாகக் காசநோய்ப் பரிசோதனை வந்தது. எக்ஸ்ரே வண்டி தெருமுனைக்கு வந்த அன்று இவள் குழந்தையைத் தூக்கிக்கொண்டு கல்லங்குறிச்சிப் பெருமாளைப் பார்க்கப் போய்விட்டாள். "திடீர்னு என்ன பக்தி?" என்று நான் கேட்டதற்கு, "கூப்பிட்டாரு, போனேன்" என்றாள். ஆனால் சுகாதாரப் பணியாளர் பெண் விடவில்லை. பழைய நோயாளி இருந்த வீடு என்று அவருக்குத் தெரியும். மறுநாள் சளி டப்பாவோடு வந்து, காலையில் எழுந்ததும் ஆழமாக இருமி எடுத்துக் கொடுக்கச் சொல்லிவிட்டுப் போனார். இவளும் கொடுத்தாள். இரண்டு நாளில் பதில் வந்தது. கிருமி இல்லை.

அந்த ஞாயிறு நான் அல்வா வாங்கிக்கொண்டு போனேன். "மெஷின்லயே பாத்துட்டாங்களாம்டா தம்பி, ஒண்ணுமில்லையாம்" என்று அக்கா தெருவுக்கே கேட்கிற மாதிரி சொன்னாள். அவளுக்கும் மழைக்காலத்தில் பிடித்த சளி அப்போதுதான் விட ஆரம்பித்திருந்தது. எல்லோருமாக அல்வா தின்றோம். இருமல் தூசிக்கணக்கில் எழுதப்பட்டது. அவள் இளைத்துக்கொண்டே வந்தது டயட் கணக்கில் எழுதப்பட்டது. "எனக்கும் அந்த டயட்டைச் சொல்லேன்" என்று நான் கேட்டேன். நல்ல ஜோக் என்று நினைத்துத்தான் கேட்டேன்.

ஆவணியில் ஒரு காலை அக்கா போன் செய்தாள். "தம்பி, ரத்தமா துப்பறாடா." அவ்வளவுதான் சொன்னாள்.

*

நான் போய்ச் சேர்வதற்குள் அரியலூர் ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுத்து முடித்திருந்தார்கள். சளியும் வாங்கியிருந்தார்கள். வெளியே வேப்பமரத்தடி பெஞ்சில் மாஸ்க் போட்டுக்கொண்டு அவள் தனியாக உட்கார்ந்திருந்தாள். கொஞ்சம் தள்ளியே உட்காரச் சொல்லிக் கை காட்டினாள். அக்கா குழந்தையோடு வீட்டில் இருந்தாள்.

"ரெண்டு மணி நேரத்துல தெரிஞ்சிடுமாம், மாமா" என்றாள். "அப்பாவுக்கு எத்தனை மாசம் ஆச்சு?"

"அது அந்தக் காலம்."

"நம்ம வூட்டுக்கு மட்டும் எப்பவும் அந்தக் காலந்தான்."

அவளைத் தேற்ற வேண்டுமே என்று, "தை மாசந்தான் டெஸ்ட் எடுத்து ஒண்ணுமில்லைன்னாங்கள்ல? இது வேற ஏதாவது இருக்கும்" என்றேன். அவள் மாஸ்க்கை மூக்குக்கு மேல் இழுத்துவிட்டுக்கொண்டாள்.

"மாமா, அது என் சளி இல்ல."

எனக்குப் புரியவில்லை.

"அம்மாவோடது. உன்னோடதும் கேக்கறாங்கன்னு சொல்லி டப்பாவை நீட்டுனேன். துப்பிக் குடுத்துச்சு. பேரு மட்டும் என்னுது."

"ஏன்டி?"

"எனக்குத் தெரியும் மாமா. அப்பா இருமுன மாதிரியே இருமுனேன். காலைல ஒரு மாதிரி, ராத்திரி வேர்வை வேற மாதிரி. அப்பாக்கிட்டேருந்து வந்திருந்தா அப்பாவுக்குப் போட்ட ஊசியத்தான எனக்கும் போடுவாங்க?" கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டாள். "பாப்பா இப்பத்தான் பேசுது மாமா. ஒரு நாளைக்கு ஒரு வார்த்தை புதுசா சொல்லுது. அது பள்ளிக்கூடம் போற வரைக்குமாவது கேட்டுட்டு, அப்பறம் போய்க் காட்டிக்கலாம்னு இருந்தேன்."

நாற்பது வருஷமாகப் புத்தகம் படிக்கிறவன் நான். இந்த மாதிரி நேரத்தில் சொல்வதற்கு என்று ஒரு வாக்கியம் எங்கேயாவது படித்திருக்க வேண்டும். "டீ சாப்பிடறியா?" என்று கேட்டேன்.

*

மதியத்துக்குள் கூப்பிட்டார்கள். டாக்டர் இளைஞர். எனக்குத் தம்பி வயதுகூட இருக்காது. நிதானமாகச் சொன்னார். காசநோய்தான். முதல் வரிசை மருந்துகளில் முக்கியமான ரிஃபாம்பிசினுக்கு அது கட்டுப்படாது.

"அதுக்குள்ள எப்படி டாக்டர்? வளர்த்துப் பாக்க வேண்டாமா?" என்று மச்சான் காலத்து அறிவோடு கேட்டேன்.

"இதுக்கு வளரவே வேண்டாம், சார். சளியைக் கரைச்சு மெஷின்ல வச்சா, கிருமிய உடைச்சு உள்ள இருக்கற மரபணுல ஒரு துண்டை மட்டும் எடுத்து லட்சக்கணக்குல பிரதி எடுக்கும். அந்த மருந்து எந்த இடத்துல வேலை செய்யுமோ அந்த இடத்துல எழுத்து மாறியிருக்கான்னு பாக்கும். மாறியிருந்தா மருந்து பலிக்காது. அவ்ளோதான்."

நான் அந்த மெஷினை எட்டிப் பார்த்தேன். கல்யாண வீட்டுக் காபி ஃபில்டர் அளவுதான் இருந்தது. தை மாதமும் ஒரு மெஷின் இதே மாதிரி உண்மையைத்தான் சொன்னது. என் அக்காவின் சளியில் காசநோய் இல்லை என்று மிகச் சரியாகச் சொன்னது. அந்தச் சளி யாருடையது என்று அதை யாரும் கேட்கவில்லை.

இன்னொரு சளி வெளியூர் ஆய்வகத்துக்குப் போகும், அங்கே மற்ற மருந்துகளுக்கான எழுத்தையும் பார்ப்பார்கள், சில நாளில் தெரியும், வளர்க்கிற பரிசோதனையும் ஒரு பக்கம் நடக்கும் என்றார் டாக்டர். அப்பாவிடமிருந்து வந்ததா என்று அக்கா மகள் கேட்டாள். இருக்கலாம், வருஷக்கணக்கில் உடம்புக்குள் தூங்கிவிட்டு எழும் என்றார்.

பிறகு அவள் கேட்க வந்ததைக் கேட்டாள். "ஊசி எத்தனை மாசம் சார்?"

"என்ன ஊசி?"

"இதுக்குப் போடுவாங்களே. காது போற ஊசி."

டாக்டர் எக்ஸ்ரேவைக் கீழே வைத்தார். "அந்த ஊசியெல்லாம் விட்டாச்சும்மா. இப்போ மாத்திரை மட்டுந்தான். நாலு மருந்து, ஆறு மாசம்."

"அப்போ ஊசியே இல்லையா?"

"ஊசியே இல்ல."

"காதுக்கு?"

"காதுக்கு ஒண்ணும் ஆகாது. கால் எரியலாம், ரத்தம் குறையலாம், கண்ணைப் பாத்துக்கணும், இதயத்துக்கு ஈ.சி.ஜி. எடுத்துட்டே இருப்போம். காது இருக்கும்."

அவள் சிரித்தாள். மாஸ்க்குக்கு மேலே கண் மட்டும்தான் தெரிந்தது. சிரிப்பு கண்ணில் ஆரம்பித்து அங்கேயே வேறு ஒன்றாக மாறியது. சத்தமே இல்லாமல் அழுதாள். சத்தம் போட்டுப் பயனில்லை என்று பழகிய வீட்டுப் பெண்.

"இதுக்கா மாமா ஒளிஞ்சேன்?" என்றாள். "யாருமே சொல்லலையே மாமா."

டாக்டர் என்னை மட்டும் நிறுத்தி எக்ஸ்ரேவை வெளிச்சத்தில் காட்டினார். இரண்டு பக்கமும் மேலே ஓட்டை விழுந்திருந்தது. "மருந்து கிருமியைக் கொன்னுடும் சார். அது அரிச்சுட்டுப் போனதைத் திரும்பக் கட்டித் தராது. இன்னும் கொஞ்சம் முன்னாடி வந்திருந்தா…" என்று ஆரம்பித்து, நல்ல மனிதர், பாதியில் நிறுத்திக்கொண்டார்.

*

சில நாள் வார்டில் வைத்துக் கவனித்துவிட்டு வீட்டுக்கு அனுப்பினார்கள். வெளியூர் ஆய்வகத்திலிருந்தும் நல்ல சேதி வந்தது. மாக்சிஃப்ளாக்சசின் குடும்பத்து மருந்துக்கு இந்தக் கிருமி கட்டுப்படும், ஆகவே நாலு மருந்தும் தொடரலாம். பெடாக்விலின் முதல் இரண்டு வாரம் தினமும், அப்புறம் வாரத்தில் மூன்று நாள். மற்ற மூன்றும் தினமும். சாப்பிட்டுவிட்டுத்தான் போட வேண்டும். பெடாக்விலின், பிரெட்டோமானிட், லினசோலிட் என்று பெயர்களை நான் உச்சரிப்பதைக் கேட்டு, "தாத்தா யாரைத் திட்டுது?" என்று குழந்தை கேட்டது.

குழந்தையை ஆரம்பத்தில் அறைக்குள் விடவில்லை. ஜன்னலைத் திறந்துவைத்து உள்ளே கட்டிலில் அவள், வெளியே வாசலில் முக்காலி போட்டுக் குழந்தை. காக்கா வந்தது, பக்கத்து வீட்டுக் கன்னுக்குட்டி பேண்டது, அம்மாயி சாம்பாரில் உப்பு போட மறந்தது என்று செய்தி வாசித்துக்கொண்டே இருக்கும். அவள் கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருப்பாள். ஒரு ஞாயிறு நான் போனபோது, "பாதமெல்லாம் மிளகாய் அரைச்சுப் பூசுன மாதிரி எரியுது மாமா" என்றாள். வாய் நிறையச் சிரிப்பு. "எரியட்டும். காது கேக்குது."

கால் எரிச்சலைச் சொன்னதும் ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள், கண்ணுக்கு எழுத்துப் பலகை காட்டினார்கள், வைட்டமினைக் கூட்டினார்கள். பசி எடுத்தது. கொஞ்சம் எடை ஏறினாள். இருமல் பாதியாகக் குறைந்தது. மாதாமாதம் சளி போய்க்கொண்டிருந்தது. ஒரு தடவை நான் கெட்டிக்காரத்தனமாக, "அந்த ரெண்டு மணி நேர மெஷின்லயே போட்டுப் பாத்துடலாமே" என்றேன். செத்த கிருமியின் மரபணுவையும் அது எடுத்துக் காட்டிவிடும், உயிரோடு இருக்கிறதா என்று தெரிய வளர்த்துத்தான் பார்க்க வேண்டும், அதற்கு வாரக்கணக்கில் ஆகும் என்றார்கள். கடைசியில் எங்கள் வீடு மறுபடியும் அந்த மெதுவான பரிசோதனைக்கே காத்திருந்தது.

சளி டப்பா விஷயம் அக்காவுக்குத் தெரியாமல் இருக்க வேண்டும் என்றுதான் நானும் அவளும் பேசிவைத்திருந்தோம். ஆனால் அவளே ஒரு நாள் சொல்லிவிட்டாள். அக்கா திட்டவில்லை. அடுப்படிக்குப் போனாள். தரையை ஒரு மிதி மிதிக்கிற சத்தம் கேட்டது. இவள் பதிலுக்கு மிதிக்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்து அக்கா வெளியே வந்து, "எஞ்சளிய எதுக்குடி எடுத்த, என் உசுர எடுத்துருக்கக் கூடாதா" என்று சொல்லிவிட்டு, மாத்திரைக்கு முன்னால் தின்ன வேண்டிய இட்லியைத் தட்டில் வைத்தாள்.

கார்த்திகையில் ஒரு காலை, அதே இட்லியைத் தின்று மாத்திரையும் போட்டுக்கொண்டு, குழந்தைக்குத் தலை வாரிக்கொண்டிருந்திருக்கிறாள். அப்போது குழந்தையை அருகில் விட ஆரம்பித்திருந்தார்கள். இருமல்கூடப் பெரிதாக இல்லையாம். திடீரென்று ரத்தம். நுரையீரல் ஓட்டைக்குள் ஓடிய ஏதோ ஒரு ரத்தக்குழாய் வெடித்துவிட்டது. ஆம்புலன்ஸ் தாமதமில்லாமல்தான் வந்தது. ஆஸ்பத்திரியிலும் யாரும் கை கட்டி நிற்கவில்லை. நான் அரியலூர் பஸ் ஸ்டாண்டில் இறங்கும்போது போன் வந்தது. எடுக்காமலேயே தெரிந்தது. ஆனாலும் எடுத்தேன்.

கடைசிவரை கேட்டுக்கொண்டுதான் இருந்தாளாம். அக்கா சொன்னாள். ஆம்புலன்ஸில் ஏற்றும்போது, வாசலில் குழந்தை அழுத சத்தத்துக்கு அவள் தலையைத் திருப்பினாளாம்.

*

மார்கழி நடுவில் சுகாதாரப் பணியாளர் பெண் வீட்டுக்கு வந்தார். செருப்பைக் கழற்றிவிட்டு வாசலிலேயே நின்றார். கார்த்திகையில் அனுப்பிய சளி வளர்ந்து முடிந்திருக்கிறது. இல்லை, வளரவில்லை. அதுதான் சேதி.

"கிருமி இல்லைன்னு வந்திருக்குங்க" என்றார். "சொல்லணுமா வேண்டாமான்னு தெரியல. நீங்க கேட்டுட்டே இருந்தீங்களே."

"யாரு சளிங்க அது?" என்று அக்கா கேட்டாள்.

"அவங்களோடதுதான்மா. நானே கிட்ட நின்னு வாங்கினேன்."

அக்கா தலையை ஆட்டினாள். தை மாதம் தெருவுக்கே கேட்கிற மாதிரி சொன்ன அதே சேதி. இந்தத் தடவை அவள் யாருக்கும் சொல்லவில்லை. எனக்கும் அல்வா வாங்கத் தோன்றவில்லை.

குழந்தைக்கு எக்ஸ்ரே எடுத்து, நோய் இல்லை என்று உறுதி செய்து, வராமல் இருக்கத் தினமும் ஒரு மாத்திரை கொடுக்கிறார்கள். மாக்சிஃப்ளாக்சசின் குடும்பத்து லீவோஃப்ளாக்சசின், அதுவும் ஆறு மாதம். அதன் அம்மாவின் கிருமி எந்த மருந்துக்குக் கட்டுப்படும் என்று அந்த ஆய்வகம் சொன்னதே, அதை வைத்துத்தான் குழந்தைக்கு மருந்து. அக்காவுக்கும் அதே மருந்து. அவர்கள் இருவரும் இப்போது பெரம்பலூரில் என் வீட்டில் இருக்கிறார்கள். மாப்பிள்ளை வந்து, பத்து நாள் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்துவிட்டு, திரும்பிப் போனார்.

மாத்திரையைத் தண்ணீரில் கரைத்து, கசப்புக்கு வெல்லம் தொட்டுக்கொடுப்பது என் வேலை. தினமும் காலையில் சமையல்கட்டிலிருந்து அக்கா தரையை மிதிப்பாள். குழந்தை கூடத்திலிருந்து சின்னக் காலால் பதிலுக்கு மிதிக்கும். கீழ்வீட்டுக்காரர் ஒரு தடவை வந்து கேட்டுவிட்டுப் போனார். பழகிவிடும் சார் என்றேன்.

இன்று குழந்தை டம்ளரைக் கையில் வாங்கி உள்ளே எட்டிப் பார்த்தது.

"ஊசி இல்லல்ல, தாத்தா?"

"இல்லடா கண்ணு. மருந்து மட்டுந்தான்."

"அம்மாவுக்கும் ஊசி இல்லல்ல?"

"இல்ல."

மூக்கைப் பிடித்துக்கொண்டு ஒரே மூச்சில் குடித்தது. வெல்லத்தை வாங்கி வாயில் அடக்கிக்கொண்டு, நேற்றுப் பார்த்த நாய்க்குட்டியைப் பற்றி ஆரம்பித்தது. நாய்க்குட்டி, அதன் வால், அதன் அம்மா, அதன் அம்மாவின் வால். ஆபீஸுக்கு நேரமாகிவிட்டது. பஸ் போயிருக்கும். நான் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தேன்.